முதலில் சொல்லப்படும் விலை

2024ஆம் ஆண்டு ஹஜ்ஜுப் பெருநாளுக்கு இரண்டு நாள்களே இருந்தன. குர்பானிக்குக் கிடா வாங்குவதற்காக, அத்தாவை அழைத்துக்கொண்டு எட்டயபுரம் சனிக்கிழமை ஆட்டுச் சந்தைக்குப் போயிருந்தோம். பெருநாளுக்கு முந்தைய சந்தை என்பதால் விடியும் முன்பே கூட்டம் நெரிந்தது. நல்ல கொம்புள்ள செம்மறிக் கிடா ஒன்று எங்கள் கண்ணில் பட்டது. விலை கேட்டோம். "இருபத்திரண்டாயிரம்" என்றார் உரிமையாளர். நாங்கள் உஷாராகப் பேசுவதாக எண்ணிக்கொண்டு, "பத்தொன்பதாயிரம்" என்றோம். அவர் சிரித்தார். இருபதில் முடித்துவிடலாம் என்ற நம்பிக்கை எங்களுக்கும் வந்துவிட்டது.

சந்தையை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு அப்போதுதான் அத்தா வந்து சேர்ந்தார்கள். கிடாவின் முதுகெலும்பின் மேல் கையை வைத்து அழுத்திப் பார்த்தார்கள். பிறகு எங்களைத் தனியே அழைத்து, "உயிரோடு முப்பத்திரண்டு கிலோ இருக்கும். பாதிக்குப் பாதி கறி நிற்கும். பதினாறு கிலோ. கிலோ எண்ணூறு என்று வைத்தாலும் பன்னிரண்டாயிரத்து எண்ணூறு. பெருநாள் கிராக்கிக்கு மேலே கொஞ்சம் போடலாம். நீங்கள் பத்தொன்பது என்று எதை வைத்துச் சொன்னீர்கள்?" என்று கேட்டார்கள்.

எங்களிடம் பதில் இல்லை. அவர் இருபத்திரண்டு என்றார். அதிலிருந்து மூன்றைக் கழித்தோம். அவ்வளவுதான். ஆட்டை நாங்கள் எடை போடவே இல்லை. அவர் சொன்ன எண்ணைத்தான் எடை போட்டிருக்கிறோம். வேறொரு கிடாவை அத்தா பதினைந்தாயிரத்து ஐந்நூறுக்கு முடித்தார்கள்.

விலை உளவியல் படிப்பவர்கள் இதற்கு நங்கூர விளைவு என்று பெயர் வைத்திருக்கிறார்கள். 1974இல் டேனியல் கானமன், ஏமஸ் ட்வெர்ஸ்கி என்னும் இரு உளவியலாளர்கள் எழுதிய கட்டுரையில் இதற்கான சோதனை ஒன்று வருகிறது. எண்கள் எழுதிய சக்கரம் ஒன்றைச் சுழற்றினார்கள். அது 10இலோ 65இலோ மட்டும் நிற்கும்படி முன்பே ஏற்பாடு செய்யப்பட்டிருந்தது. பிறகு, ஐக்கிய நாடுகள் சபையில் ஆப்பிரிக்க நாடுகள் எத்தனை சதவீதம் என்று கேட்டார்கள். சக்கரம் 10இல் நிற்கக் கண்டவர்களின் நடுவான மதிப்பீடு 25. 65இல் நிற்கக் கண்டவர்களுடையது 45. சக்கரத்துக்கும் கேள்விக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆயினும் காதில் விழுந்த முதல் எண் மனத்தில் ஊன்றிவிட்டது. அடுத்து வந்த நினைப்பெல்லாம் அதைச் சுற்றியே மிதந்தது.

இந்தப் பக்கத்து மாட்டுச் சந்தைகளில் துண்டால் கையை மூடி, விரல்களைப் பிடித்து விலை பேசும் வழக்கத்தைப் பலரும் பார்த்திருப்பீர்கள். அதைத் தரகர்களின் சூழ்ச்சி என்றே நாங்கள் வெகுகாலம் நினைத்திருந்தோம். அதில் தரகருக்கு ஆதாயம் இருப்பதும் உண்மைதான். ஆனால் அதற்கு வேறொரு விளைவும் உண்டு. ஒருவருக்குச் சொன்ன விலை பக்கத்தில் நிற்பவர் காதில் விழாது. அடுத்தவர் பேரத்துக்குள் அந்த எண் நங்கூரமாக இறங்காது.

சந்தையில் இவ்வளவு கற்றும், அடுத்த ஆண்டு எங்கள் வீட்டுக் கூடத்திலேயே மறுபடியும் வழுக்கினோம். 2025 நோன்புப் பெருநாள் முடிந்த வாரம் அது. ஐபிஎல் கிரிக்கெட் தொடங்கியிருந்தது. மகன்கள் இருவரும் ஜியோஹாட்ஸ்டார் சந்தா கட்ட வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார்கள். அத்தகைய தளங்களில் எதைப் பார்க்கலாம், எதைப் பார்க்கக் கூடாது என்பது ஒவ்வொரு வீட்டிலும் பேசி முடிக்க வேண்டிய தனி விஷயம். இங்கே அதற்குள் போகவில்லை. விலைப் பட்டியலைப் பற்றியே சொல்ல வந்தோம்.

2025 பிப்ரவரி 14 அன்று அந்தத் தளம் தொடங்கியபோது வைத்த விலைகள் இவை. மொபைல் திட்டம் மூன்று மாதத்துக்கு 149 ரூபாய், ஆண்டுக்கு 499. சூப்பர் திட்டம் மூன்று மாதத்துக்கு 299, ஆண்டுக்கு 899. பிரீமியம் மாதத்துக்கு 299, மூன்று மாதத்துக்கு 499, ஆண்டுக்கு 1499. மொபைலில் ஒரே ஒரு கைபேசியில் பார்க்கலாம். சூப்பரில் தொலைக்காட்சி உட்பட இரண்டு கருவிகள். பிரீமியத்தில் நான்கு கருவிகள், கூடுதல் தெளிவு, நேரலை தவிர மற்றவற்றில் விளம்பரம் இல்லை.

மூத்தவன் பட்டியலைப் பார்த்த மாத்திரத்தில், "பிரீமியம் வருடத்துக்குப் போட்டுவிடலாம் அத்தா. மாதா மாதம் கட்டினால் மூவாயிரத்து ஐந்நூற்றுக்கு மேல் வரும். இது ஆயிரத்து ஐந்நூறுதான். பாதிக்கும் கீழே" என்றான். கணக்கு சரியே. 299ஐப் பன்னிரண்டால் பெருக்கினால் 3588. அதன் பக்கத்தில் 1499 மலிவாகத்தான் தெரிகிறது. ஒரு நிமிடத்துக்கு முன்பு வரை எங்களில் யாருக்கும் 1499 ரூபாய் செலவிடும் எண்ணமே இல்லை என்பது மட்டும் மறந்துபோயிற்று.

பன்னிரண்டாம் வகுப்பு எழுதி முடித்திருந்த மகள் தாளும் பேனாவும் எடுத்தாள். அவள் போட்ட கணக்குதான் இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது.

பிரீமியத்தை மாதக் கணக்கில் இரண்டு மாதம் எடுத்தால் 598 ரூபாய். மூன்று மாதத்தை ஒன்றாக எடுத்தால் 499. ஆகவே ஒரே ஒரு மாதம் போதும் என்பவரைத் தவிர வேறு யாருக்கும் அந்த 299 ரூபாய் மாத விலையால் பயனில்லை. அந்த ஒரு மாதக்காரருக்கு அது உண்மையான வசதிதான், மறுக்கவில்லை. மற்ற எல்லாருக்கும் அது செய்யும் வேலை, பக்கத்திலிருக்கும் 499ஐ மலிவாகக் காட்டுவது. அதோடு அந்த 299 பட்டியலில் இரண்டு இடத்தில் வருகிறது: பிரீமியத்தில் ஒரு மாதத்துக்கு, சூப்பரில் மூன்று மாதத்துக்கு. பிரீமியத்தைப் பார்த்துவிட்டுச் சூப்பருக்கு வருபவருக்கு, அதே பணத்தில் மூன்று மடங்கு காலம் கிடைப்பதாகப் படும். மொபைலிலிருந்து மேலே ஏறி வருபவருக்கோ அதே 299, 149இன் இரண்டு மடங்காகத் தெரியும். விலை ஒன்றுதான்; எந்தப் பக்கத்திலிருந்து வருகிறோம் என்பதில்தான் வேறுபாடு.

அடுத்தது ஆண்டுச் சந்தா. சூப்பரின் மூன்று மாத விலையை மும்முறை கட்டினால் 897 ரூபாய். ஆண்டு விலை 899. பிரீமியத்தின் 499ஐ மும்முறை கட்டினால் 1497. ஆண்டு விலை 1499. ஆக, ஆண்டு விலை என்பது ஒன்பது மாத விலையோடு இரண்டு ரூபாய். ஒன்பது மாதத்துக்கு மேல் தொடர்ந்து பார்ப்பவருக்குத்தான் அது லாபம். கிரிக்கெட் முடிந்ததும் மூடி வைக்கப்போகிற வீட்டுக்கு அது நட்டம். "பாதிக்கும் கீழே" என்று மூத்தவன் சொன்னது எந்தக் காலத்திலும் கட்டப்போகாத 3588ஓடு ஒப்பிட்டு. எட்டயபுரத்தில் நாங்கள் மிச்சப்படுத்தியதாக நினைத்த மூவாயிரமும் இதே வகைதான்.

இனி அந்த மூன்று படிகளைப் பற்றி. கடைக்காரர்கள் இதை வெகுகாலமாக அறிவார்கள். 1992இல் இடமார் சைமன்சனும் அதே ட்வெர்ஸ்கியும் எண்களோடு காட்டினார்கள். ஏறத்தாழ 170 டாலர், 240 டாலர் விலையுள்ள இரண்டு கேமராக்களைக் காட்டியபோது, கேட்கப்பட்டவர்கள் சரிபாதியாகப் பிரிந்தார்கள். 470 டாலர் கேமரா ஒன்றையும் உடன் வைத்தபோது, நடுக் கேமராவை 57 சதவீதத்தினர் விரும்பினர். மலிவானதற்கு 22 சதவீதம்தான் மிஞ்சியது. நடுக் கேமரா அப்படியே இருந்தது. மேலே ஒன்று வந்து உட்கார்ந்ததும், விலை மிகுந்ததாகத் தெரிந்த அது நியாயமானதாகத் தெரியத் தொடங்கிவிட்டது. விலை கூடியது வீண் செலவு, விலை குறைந்தது கஞ்சத்தனம், நடுவில் நிற்பதே கௌரவம் என்று மனம் தனக்குத் தானே நியாயம் சொல்லிக்கொள்கிறது. நடுநிலையைப் போற்றும் நம் போன்றவர்களுக்கு இது இன்னும் எளிதில் பிடிபடும் பலவீனம். எதற்கு நடு என்பதை விற்பவர் தீர்மானித்திருக்கிறார் என்பதை நாம் கவனிப்பதில்லை.

படிகளுக்கிடையே வேலியும் போட்டாக வேண்டும். இல்லையேல் எல்லாரும் மலிவான படியிலேயே நின்றுவிடுவார்கள். மொபைல் திட்டத்தில் வரும் அதே ஆட்டம்தான் சூப்பரிலும் வருகிறது. அதைத் தொலைக்காட்சியில் பார்க்கக் கூடாது என்பதே வேலி. ஒரு வீட்டில் நான்கு பேர் இருந்தால் அந்த வேலி தாங்காது. தானாக மேல் படிக்கு ஏறிவிடுவார்கள். பிரான்சு நாட்டுப் பொறியாளர் ஜூல் டுப்யுய் 1849இலேயே ரயிலைக் காட்டி இதை விளக்கினார். மூன்றாம் வகுப்புப் பெட்டிக்குக் கூரை போடாமல் விட்டது கூரைக்குச் செலவாகும் என்பதற்காக அல்ல. இரண்டாம் வகுப்புக்குப் பணம் கொடுக்கக் கூடியவர் மூன்றாம் வகுப்பில் ஏறிவிடக் கூடாது என்பதற்காக என்றார். வேலி போடுவதே அநியாயம் என்று நாங்கள் சொல்லமாட்டோம். அதனால்தான் கைபேசி மட்டும் வைத்திருக்கும் ஒரு மாணவனுக்கு 149 ரூபாயில் கிடைக்கிறது. நெட்ஃபிளிக்ஸும் 2016இல் 500 ரூபாயில் தொடங்கும் திட்டங்களோடு இந்தியாவுக்கு வந்து, 2019இல் 199 ரூபாய்க்குக் கைபேசித் திட்டத்தைக் கொண்டுவந்து, 2021 டிசம்பரில் அதையும் 149 ஆக்கியது. கீழ்ப்படி இருப்பது ஏழைக்கு நன்மை. எந்தப் படி நமக்குரியது என்று பட்டியலே நமக்குச் சொல்லிவிடுவதில்தான் சிக்கல்.

இதற்குள் தராவீஹுக்காக விட்டிருந்த உறக்கத்தையெல்லாம் சேர்த்துத் தூங்கி எழுந்த அத்தா கூடத்துக்கு வந்தார்கள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "தொலைக்காட்சியை அணையுங்கள். விலையைப் பார்க்காமல் சொல்லுங்கள். எத்தனை நாள் பார்ப்பீர்கள்? ஒரு நாளைக்கு எவ்வளவு தருவீர்கள்?" என்றார்கள். மகன்கள் விரல் விட்டு எண்ணினார்கள். இறுதி ஆட்டம் வரை ஏழெட்டு வாரம். பள்ளி, கல்லூரி, தொழுகை, மற்ற வேலைகள் போக வாரத்துக்கு மூன்று மாலை. இருபது, மிஞ்சினால் இருபத்தைந்து மாலைகள். ஒரு மாலைக்குப் பன்னிரண்டு ரூபாய் என்றார்கள். பேசிப் பேசி 300 ரூபாய் என்று நின்றது. அதன் பிறகே திரையைத் திறந்தோம். மூன்று மாதச் சூப்பரை 299க்கு வாங்கினோம்.

ஆக, நாங்களும் நடுப்படியைத்தான் வாங்கினோம் என்று நீங்கள் சிரிக்கலாம். வாங்கியது நடுப்படிதான். ஆனால் அந்த எண் திரைக்கு வெளியே பிறந்தது. மகன்கள் ஒரே கைபேசியில் பார்க்கச் சம்மதித்திருந்தால் 149இல் முடிந்திருக்கும். அவர்கள் சம்மதிக்க மாட்டார்கள் என்பதும் எங்களுக்குத் தெரிந்திருந்தது. மூன்று மாதம் முடிந்ததும் புதுப்பிக்கவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

அன்றிரவு அத்தா தம் பழைய தொழிலைப் பற்றிச் சொன்னார்கள். வாலிப வயதில் அவர்கள் பருத்திக் கமிஷன் மண்டியில் கணக்கெழுதியவர்கள். திருச்சுழி, நரிக்குடிப் பக்கத்துக் கரிசல் காட்டிலிருந்து சம்சாரிகள் வண்டிகளில் பருத்தி கொண்டுவருவார்கள். சில வியாபாரிகள் ஊருக்கு வெளியிலேயே நின்று வண்டியை மறித்து, "மண்டியில் இன்று விலை விழுந்துவிட்டது" என்று ஓர் எண்ணைச் சொல்லி வைப்பார்களாம். அந்த இடத்தில் விற்காமல் மண்டிவரை வந்த சம்சாரிகூட அந்த எண்ணைத் தலையில் சுமந்துகொண்டே வருவார். மண்டியில் அதைவிடச் சிறிது கூடக் கிடைத்தாலே மகிழ்ந்துபோவார். சந்தைக்கு வரும் சரக்கை வழியிலேயே எதிர்கொண்டு வாங்குவதை நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் தடுத்ததையும், அப்படி விற்றுவிட்டவர் சந்தைக்கு வந்து சேர்ந்த பின் அந்த விற்பனையை முறித்துக்கொள்ளும் உரிமை அவருக்கு உண்டு என்று அறிவித்ததையும் அத்தா நினைவூட்டினார்கள். பலமுறை கேட்ட ஹதீஸ்தான். சந்தை விலையைக் கண்ணால் காணும் முன்பே ஓர் எண்ணை ஏற்றிவிடுவதில் எவ்வளவு வலு இருக்கிறது என்பதை அன்றுதான் உணர்ந்தோம்.

ஆனால் நாங்கள் வாங்குபவர்கள் மட்டுமல்லர். விசைத்தறிச் சேலைகள் விற்கும் சிறிய கடை ஒன்று எங்களுக்கு உண்டு. இந்த எண் வித்தைகளில் எளியது எங்கள் கடையிலும் இருக்கிறது: 500க்குப் பதில் 499. ஒரு ரூபாய் குறைத்ததில் எங்களுக்குப் பெரிய இழப்பில்லை; எண்ணை இடமிருந்து படிக்கும் கண்ணுக்கு 4தான் முதலில் படுகிறது. எரிக் ஆண்டர்சன், டங்கன் சிமெஸ்டர் என்னும் ஆய்வாளர்கள் அமெரிக்க அஞ்சல்வழி ஆடைப் பட்டியல்களில் ஒரே ஆடையைச் சிலருக்கு 34, சிலருக்கு 39, சிலருக்கு 44 டாலர் என்று அச்சிட்டு அனுப்பினார்கள். விலை குறைந்த 34ஐவிட 39இல் கூடுதலாக விற்றது. 2003இல் வெளியான முடிவு அது. வாங்குபவர் விலை அறியாத புதிய சரக்கில் அது நன்கு பலித்தது. "தள்ளுபடி" என்று ஏற்கெனவே பலகை தொங்கும் இடத்தில் 9க்கு அவ்வளவு வேலை இருக்கவில்லை. 499 என்று எழுதி 499ஏ வாங்குவதில் பொய் ஏதும் இல்லை. ஆகையால் அதை நாங்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இன்றும் எங்கள் கடையில் 499 இருக்கிறது.

மனத்தை உறுத்தியது வேறொன்று. ஆடி மாதத்தில் சேலைகளின் மேல் 1200 என்று அச்சிட்டு, அதன் குறுக்கே ஒரு கோடு போட்டு, கீழே 799 என்று ஒட்டுவோம். அக்கம்பக்கத்துக் கடைகளில் செய்வதுதான். மகள்தான் கேட்டாள்: "இந்தச் சேலையை எப்போதாவது 1200க்கு விற்றிருக்கிறோமா அத்தா?" விற்றதே இல்லை. அடக்க விலை 610 ரூபாய். வாங்க வருபவர் 1200இல் நங்கூரமிடட்டும் என்பதற்காக மட்டுமே அந்த எண் பிறந்திருக்கிறது. எட்டயபுரத்துக்காரராவது தாம் விரும்பிய விலையைச் சொன்னார். பேரம் பேச எங்களுக்கு வழி விட்டார். நாங்கள் நடக்காத விற்பனை ஒன்றை நடந்ததாகச் சாட்சி சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

அஸ்ருக்குப் பிறகு, "இந்தச் சரக்குக்கு இவ்வளவு கேட்டார்கள், நான் கொடுக்கவில்லை" என்று பொய்ச் சத்தியம் செய்து விற்றவரைப் பற்றிய கடும் எச்சரிக்கை புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் உண்டு. நாங்கள் சத்தியம் எதுவும் செய்யவில்லை என்று முதலில் சமாதானம் தேடினோம். மகள் விடவில்லை. "அவர் வாயால் சொன்னார். நாம் அச்சடித்து ஒட்டியிருக்கிறோம்" என்றாள். மார்க்கத் தீர்ப்புச் சொல்ல நாங்கள் ஆலிம்கள் அல்லர். ஆனால் அந்தச் சொல்லுக்கு எங்களிடம் மறுமொழி இல்லாமல் போயிற்று.

உண்மையில் முன்பு விற்ற விலையிலிருந்து குறைத்திருந்தால் மட்டும் பழைய விலையைக் கோடிட்டுக் காட்டுவது என்று முடிவு செய்தோம். பெருநாளுக்கு 950க்கு விற்று மீந்திருந்த சில சேலைகளில் அப்படி எழுதினோம். மற்றவற்றில் 1200 அச்சிட்ட தாள்களைக் கிழித்தோம். இரண்டு நாள் வேலை, நகமெல்லாம் பசையாகிவிட்டது.

அந்த ஆடியில் விற்பனை சற்றுக் குறைந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. பரளச்சிப் பக்கத்திலிருந்து வந்த ஓர் அம்மா 799 சேலையைக் கையில் வைத்துக்கொண்டு, "தள்ளுபடி எவ்வளவு?" என்று கேட்டார். "இதுதான் விலை அம்மா, தள்ளுபடி இல்லை" என்றோம். எதிர்க் கடையில் பாதி விலை என்று போட்டிருப்பதைச் சொல்லிவிட்டுப் போனார். ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பி வந்து, இரண்டு சேலை எடுத்துக்கொண்டார். அதே போலக் கேட்டுவிட்டுப் போய், திரும்பி வராதவர்களும் அன்று இருவர் இருந்தார்கள்.